2022 ஏப்ரல் 30: பட்டியலில் முதலிடம் லூனா

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆல்ட்காயின்களை, அதாவது பிட்காயின் அல்லாத கிரிப்டோ காயின்களை, விலை வேகத்தின்படி வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் மூன்றை வாங்கி, அடுத்த மாதக் கடைசியில் மறுபடி வரிசைப்படுத்தி மாற்றிக்கொள்வது எளிய முறை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் மாதம் அரை மணி நேரமும் போதும். இந்த முறை எங்கே அடிவாங்கும் என்று பார்க்க 2022 மே மாதத்தைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை. விதியைப் பிசகில்லாமல் பின்பற்றிய ஒருவர் ஏப்ரல் 30 அன்று வாங்கியிருக்க வேண்டிய முதல் காயின் லூனா. இரண்டு வாரத்தில் அதன் மதிப்பு பூஜ்ஜியம்.

"விதி தவறான காயினைப் பொறுக்கியது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் விதி தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த வேலைக்குள்ளேயே சரிவு எப்படி ஒளிந்திருந்தது, எந்தத் தடுப்பு வேலை செய்திருக்கும், எது செய்திருக்காது என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

முறை

முதலில் எந்தக் காயின்களை வரிசைப்படுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். சந்தை மதிப்பில் முன்னணியில் இருப்பவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து டாலர் போன்ற ஒன்றின் மதிப்பிலேயே நிற்கும்படி அமைந்த ஸ்டேபிள்காயின்களையும், வேறொரு காயினின் விலையை அப்படியே பிரதிபலிக்கும் டோக்கன்களையும் நீக்க வேண்டும். ஸ்டேக் செய்த ஈதருக்கு ஈடாகத் தரப்படும் டோக்கனும் ஈதரும் ஒரே பட்டியலில் இருந்தால், ஈதர் ஏறும் மாதத்தில் இரண்டும் சேர்ந்து மேலே வந்துவிடும். மூன்று காயின் வைத்திருப்பதாக நினைப்பீர்கள், உண்மையில் இருப்பது இரண்டுதான். பிட்காயினைப் பட்டியலில் சேர்க்காமல் அளவுகோலாகத் தனியே வைப்பது வழக்கம்.

இந்த ஆய்வுக்கு ஒன்பது காயின்கள்: ஈதர், பிஎன்பி, லூனா, சொலானா, எக்ஸ்ஆர்பி, கார்டானோ, டோஜ்காயின், அவலாஞ்ச், போல்காடாட். எல்லாம் அன்றைக்குப் பெரியவை, வேண்டிய நேரத்தில் விற்க முடிந்தவை. சின்னக் காயின்களைச் சேர்த்தால் பட்டியலின் உச்சி எப்போதும் அவற்றால்தான் நிரம்பும். திரையில் தெரியும் விலைக்கு அவற்றை விற்கவும் முடியாது.

அடுத்தது நேரம். கிரிப்டோ சந்தைக்கு மணி அடித்து மூடுவது கிடையாது. யுடிசி நேரப்படி நாள் முடியும் விலையையே எல்லாரும் நாள் இறுதி விலையாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் அது மறுநாள் காலை 5.30 மணி. எல்லாக் காயினுக்கும் ஒரே எக்ஸ்சேஞ்சின் விலையை, ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒன்றை இரவு பத்து மணிக்கும் இன்னொன்றைக் காலையிலும் குறித்துக்கொண்டால், பதற்றமான மாதத்தில் வரிசையே மாறிப்போகும்.

வேகத்தை அளக்க மூன்று மாத மாற்றத்தை எடுத்துக்கொள்வோம்: இன்றைய மாதக் கடைசி விலையை மூன்று மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி விலையால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழிப்பது.

```python
m = px.resample("ME").last()      # px: நாள் இறுதி விலைகள்
m3 = m.iloc[-1] / m.iloc[-4] - 1  # மூன்று மாத மாற்றம்
m1 = m.iloc[-1] / m.iloc[-2] - 1  # ஒரு மாத மாற்றம்
top = m3.nlargest(3).index
risk_on = btc.iloc[-1] > btc.tail(200).mean()
```

மாதம் முடியும் முன்பே இதை ஓட்டினால் கடைசி வரிசையில் அரைகுறை மாதம் வந்து உட்காரும். பழைய பாண்டாஸ் பதிப்பாக இருந்தால் `"ME"` என்பதற்குப் பதில் `"M"`. கடைசி வரி எதற்கு என்பது பின்னால் வரும்.

மேலே வரும் மூன்றுக்கும் பணத்தைச் சமமாகப் பிரித்துப் போட வேண்டும். அடுத்த மாதமும் அதே காயின் மேலே இருந்தால் விற்க வேண்டாம், ஆனால் பங்கை மறுபடி மூன்றில் ஒன்றாகச் சமன் செய்ய வேண்டும். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அதற்கான விலையைப் பிறகு பார்ப்போம்.

அன்றைய பட்டியல்

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் விலை கொஞ்சம் வேறுபடும் என்பதால் எண்கள் எல்லாம் தோராயமானவை.

| காயின் | மூன்று மாதம் (ஜன. 31 – ஏப். 30) | ஏப்ரல் மட்டும் |
|---|---|---|
| லூனா | +50% | −25% |
| ஈதர் | +1% | −17% |
| பிஎன்பி | ஏறக்குறைய 0 | −12% |
| எக்ஸ்ஆர்பி | −6% | −28% |
| டோஜ்காயின் | −10% | −7% |
| சொலானா | −15% | −31% |
| அவலாஞ்ச் | −16% | −40% |
| போல்காடாட் | −19% | −31% |
| கார்டானோ | −26% | −31% |

லூனா ஜனவரி கடைசியில் சுமார் 52 டாலர், ஏப்ரல் கடைசியில் சுமார் 78. மற்ற எட்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன அல்லது இறங்கியிருக்கின்றன. இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவே ஐம்பது சதவீத இடைவெளி. இப்படி ஒன்று மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும் பட்டியலைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். நியாயமாக வர வேண்டியது சந்தேகம்.

காரணம் இதுதான். ஆல்ட்காயின்கள் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். சந்தை முழுக்க ஏறும் மாதத்தில் முதலிடத்தில் இருப்பது, எல்லாரும் ஏறும்போது கொஞ்சம் அதிகம் ஏறிய காயின். சந்தை முழுக்க இறங்கும்போது ஒன்று மட்டும் ஏறுகிறது என்றால், அதற்கென்று தனியான ஏதோ ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பொருள். தாங்குவது என்ன என்பதை ஒப்பீட்டு வேகம் சொல்லாது. ஒப்பீடு என்றாலே அடுத்தவனைவிட மேல் என்பது மட்டும்தான்.

லூனாவைத் தாங்கியது யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின். ஒரு டாலர் மதிப்புள்ள லூனாவை எரித்தால் ஒரு யுஎஸ்டி கிடைக்கும். ஒரு யுஎஸ்டியை எரித்தால், அதன் சந்தை விலை என்னவாக இருந்தாலும், ஒரு டாலர் மதிப்புள்ள லூனா கிடைக்கும். ஆங்கர் என்ற கடன் தளம் யுஎஸ்டி வைப்புக்கு ஆண்டுக்கு 19.5 சதவீதம் வட்டி கொடுத்தது. ஆகவே யுஎஸ்டிக்குத் தேவை பெருகியது, அதற்காக லூனா எரிக்கப்பட்டது, புழக்கத்தில் இருந்த லூனா குறைந்தது, விலை ஏறியது. கடன் வாங்குவோர் கட்டும் வட்டி அந்த 19.5 சதவீதத்துக்குப் போதவில்லை. 2022 பிப்ரவரியில் லூனா ஃபவுண்டேஷன் கார்ட் என்ற அமைப்பு ஆங்கரின் காப்புநிதிக்கு 45 கோடி டாலர் மதிப்பில் யுஎஸ்டியைப் போட வேண்டிவந்தது. அதே அமைப்பு வசந்த காலம் முழுக்கப் பிட்காயினாக வாங்கிச் சேர்த்தது. மே தொடக்கத்தில் அதன் கையில் சுமார் 80,000 பிட்காயின். இந்தச் செய்திகளும் லூனாவுக்கு வேகம் கொடுத்தன.

அதாவது ஐம்பது சதவீத வேகத்தின் பின்னால் இருந்தது ஒரு வட்டி விகிதம். வட்டி நின்றால் எந்தக் குழாய் வழியாக லூனா எரிந்ததோ, அதே குழாய் பின்னோக்கி ஓடி லூனாவை அச்சடிக்கும். விலை வரைபடத்தில் இது தெரியாது. திட்டத்தின் ஆவணத்தைப் படித்த எவருக்கும் தெரியும்.

மே 7 முதல் 13 வரை

மே 7 சனிக்கிழமை. கர்வ் என்ற மாற்றுத் தளத்தில் யுஎஸ்டி இருப்பு குறைந்திருந்த நேரத்தில் பெரிய தொகைகள் யுஎஸ்டியிலிருந்து வேறு ஸ்டேபிள்காயினுக்கு மாறின. ஒரு டாலராக இருக்க வேண்டியது 98 சென்ட் பக்கம் நழுவியது. அன்றும் மறுநாளும் பலர் இதைச் சின்னச் சலனம் என்றே எடுத்துக்கொண்டார்கள். லூனா 78-இலிருந்து 60-களுக்கு வந்திருந்தது. எந்த ஆல்ட்காயினுக்கும் ஒரு மோசமான வாரத்தில் நடக்கக்கூடியதுதான்.

திங்கள், மே 9, வேறு மாதிரி. லூனாவின் மொத்தச் சந்தை மதிப்பு, புழக்கத்தில் இருந்த யுஎஸ்டியின் மதிப்பைவிடக் கீழே போனது. யுஎஸ்டி சுமார் 1,800 கோடி டாலர். அதை மீட்டுக்கொடுக்க வேண்டிய லூனா முழுவதையும் விற்றாலும் அந்தத் தொகை தேறாது என்பது அன்று எல்லார் திரையிலும் தெரிந்தது. யுஎஸ்டி 70 சென்ட் அளவுக்கும், லூனா 30 டாலர் பக்கமும் வந்தன. அதன்பின் 70 சென்டுக்கு யுஎஸ்டி வாங்கி, எரித்து, ஒரு டாலருக்கான லூனா பெற்று, உடனே விற்பவர்கள் வரிசைகட்டினார்கள். லூனா விலை குறையக் குறைய ஒரு டாலருக்கு அதிகமான லூனா அச்சாகும், அதிகம் அச்சாக ஆக விலை இன்னும் குறையும். மே 11 அன்று ஒரு டாலர் அளவு, 12 அன்று ஒரு சென்டுக்கும் கீழே. முப்பத்தைந்து கோடி அளவில் இருந்த லூனா எண்ணிக்கை ஆறு லட்சம் கோடியைத் தாண்டியது. 13 அன்று லூனாவும் யுஎஸ்டியும் இயங்கிய டெர்ரா சங்கிலியே நிறுத்தப்பட்டது, பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் தன் ஸ்பாட் சந்தையில் லூனா வணிகத்தை நிறுத்தியது.

ஏப்ரல் 30 அன்று 3,000 டாலரை லூனா, ஈதர், பிஎன்பி என்று ஆயிரம் ஆயிரமாகப் போட்டிருந்தால், மே 31 அன்று லூனா பூஜ்ஜியம், ஈதர் சுமார் 710, பிஎன்பி சுமார் 850. மொத்தம் 1,560. நஷ்டம் 48 சதவீதம். அதே மாதம் பிட்காயின் இறங்கியது 16 சதவீதம்.

இந்த 48-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 33 சதவீதம் லூனா ஒன்றால் வந்தது. மீதி 15 சந்தை முழுக்க விழுந்ததால் வந்தது. ஒன்பது காயினையும் சமமாக வாங்கி எந்தத் தேர்வும் செய்யாமல் இருந்தவருக்கும் அந்த மாதம் சுமார் 40 சதவீதம் போயிருக்கும், ஏனென்றால் அவலாஞ்சும் சொலானாவும் பாதி அளவுக்குச் சரிந்தன. ஆகவே இங்கே இரண்டு வெவ்வேறு சரிவுகள் இருக்கின்றன: ஒரு காயின் தனியே செத்துப்போவது, எல்லாக் காயினும் சேர்ந்து விழுவது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. பெரும்பாலான விவாதங்களில் இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டு, ஒரே தடுப்பு போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சமன் செய்யாமல் விட்டவருக்கு நிலைமை இன்னும் மோசம். ஜனவரி 31 பட்டியலிலும் லூனாதான் முதலிடம். அப்போது இதே மூன்றையும் சமமாக வாங்கி அப்படியே விட்டிருந்தால், பிப்ரவரியில் லூனா 75 சதவீதம் ஏறியதால், ஏப்ரல் கடைசியில் போர்ட்ஃபோலியோவில் அதன் பங்கு 43 சதவீதம் ஆகியிருக்கும். மாதாமாதம் வெட்டிச் சமன் செய்வது லாபத்தைக் குறைக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் இந்தப் பத்து சதவீத வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்தத் தடுப்பு பிடித்திருக்கும்

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் தடுப்பு, ஒப்பீட்டு வேகத்தோடு தனி வேகத்தையும் பார்ப்பது: பட்டியலில் முதலிடமாக இருந்தாலும் காயினின் சொந்த மூன்று மாத மாற்றம் கழித்தலில் இருந்தால் வாங்காதே. நல்ல விதிதான், ஆனால் இங்கே பயனில்லை. லூனாதான் ஒன்பதில் மிகத் தெளிவாகக் கூட்டலில் இருந்த காயின். இந்த விதியை இன்னும் கறாராக வைத்து ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், ஈதரும் பிஎன்பியும் கழன்றுபோய் லூனா மட்டும் மிஞ்சியிருக்கும். மீதிப் பணத்தைக் கையிருப்பாக வைக்காமல் தேறிய காயின்களுக்கே பிரித்துக் கொடுக்கும் வகையில் விதியை எழுதியிருந்தால், முழுப் பணமும் லூனாவில்.

இரண்டாவது, பார்க்கும் காலத்தைக் குறைப்பது. அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஏப்ரலை மட்டும் எடுத்தால் டோஜ்காயின், பிஎன்பி, ஈதர் முதல் மூன்று. லூனா நான்காவது. அதாவது ஒரு மாதக் கணக்கு வைத்திருந்தவர் தப்பியிருப்பார். அதற்குள் கொண்டாட வேண்டாம். நான்காவது இடம் என்பது மயிரிழை. முதல் நான்கை வாங்கும் விதியாக இருந்திருந்தால் உள்ளே வந்திருக்கும். ஒரு மாத, மூன்று மாத இடங்களைச் சராசரி எடுப்பவருக்கும் லூனா உள்ளேதான்: ஒன்றும் நான்கும் சேர்ந்து சராசரி இரண்டரை. கிரிப்டோவில் வேகம் நீடிப்பது மாதக் கணக்கைவிட வாரக் கணக்கில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பதால் குறுகிய காலத்தைச் சேர்ப்பதற்குத் தனியாக நல்ல காரணம் உண்டு. லூனாவிலிருந்து தப்பிக்க அது ஒரு காரணம் என்று சொன்னால் அது அதிர்ஷ்டத்துக்கு விதி என்று பெயர் வைப்பது.

மூன்றாவது, ஏற்ற இறக்கத்துக்கு எதிர்விகிதத்தில் பங்கு கொடுப்பது. கணக்குக்காக லூனாவின் ஒரு நாள் சராசரி அசைவு 5 சதவீதம், ஈதருக்கு 3, பிஎன்பிக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் முறையே 21, 36, 43 சதவீதம் என்று வரும். நஷ்டம் 48-இலிருந்து 38 ஆகக் குறையும். குறைகிறது, ஆனால் காப்பாற்றவில்லை. கடந்த மாதத்து அசைவை வைத்து அளக்கும் முறைக்கு, இன்னும் நடக்காத ஒன்று தெரியாது. யுஎஸ்டி நிலையாக நின்றவரை லூனாவின் அசைவு மற்ற ஆல்ட்காயின்களின் அசைவைப் போலவேதான் இருந்தது.

நான்காவது ஸ்டாப் லாஸ்: குறித்த விலைக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஆணை. வாங்கிய விலையிலிருந்து 25 சதவீதம் கீழே, அதாவது 58.5 டாலரில் வைத்திருந்தால் மே 9 அன்று அது தூண்டப்பட்டிருக்கும். வேகமாக இறங்கிய நேரம் என்பதால் கொஞ்சம் கீழேதான் விற்றிருக்கும், இருந்தும் லூனாவால் வரும் அடி 33-க்குப் பதில் போர்ட்ஃபோலியோவில் ஒன்பது பத்து சதவீதத்தோடு நின்றிருக்கும். இது வேலை செய்ததற்குக் காரணம், லூனா சாக ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபர் 10 இரவு நிலைமை நேர்மாறு. அன்று 1,900 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி எடுத்த வணிக நிலைகள் கட்டாயமாக மூடப்பட்டபோது, பல ஆல்ட்காயின்கள் நிமிடங்களில் பாதிக்கு மேல் விழுந்து, பெருமளவு அன்றே மீண்டன. கிடைத்த விலைக்கு உடனே விற்கும் மார்க்கெட் ஸ்டாப் வைத்திருந்தவர்களின் காயின் அடிமட்ட விலையில் விற்றுப்போனது. ஒரு விலைக்குக் கீழே விற்காத லிமிட் ஸ்டாப் வைத்தால் அடிமட்டத்தில் விற்காது, ஆனால் லூனா போன்ற சரிவில் விலை தாண்டிப்போய் விற்காமலே நின்றுவிடும். நாள் இறுதி விலையைப் பார்த்து, கையால் விற்கும் ஸ்டாப் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரளவு பொருந்தும். தினமும் காலை 5.30-க்கு ஒரு பார்வை அதற்குத் தேவை. மே 9 நாள் முடிவில் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் விலை 58 அல்ல, 30 பக்கம். அந்தக் கணக்கில் லூனாவால் வரும் அடி இருபது சதவீதம்.

ஐந்தாவது, சந்தை வடிகட்டி. மாதக் கடைசியில் பிட்காயின் தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் எந்த ஆல்ட்காயினும் வாங்காதே என்ற விதி. மேலே உள்ள குறிநிரலின் கடைசி வரி இதுதான். ஏப்ரல் 30 அன்று பிட்காயின் 38,000 டாலருக்குச் சற்றுக் கீழே, அதன் 200 நாள் சராசரி 47,000-க்கு மேலே. விதி தெளிவாக "வெளியே நில்" என்கிறது. லூனாவின் 33, சந்தையின் 15 இரண்டும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

ஆனால் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31 மூன்று நாளும் பிட்காயின் சராசரிக்குக் கீழேதான். வடிகட்டி வைத்திருந்தவர் லூனா 52-இலிருந்து 103 வரை ஏறியதையும் வெளியே நின்றுதான் பார்த்திருப்பார். அதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் மார்ச் கடைசியில் விதியைத் தளர்த்தியவர் 103-க்கு வாங்கியிருப்பார். வடிகட்டி காசு பிடுங்குவது அதிகமும் இப்படித்தான்: அதன் கணக்கில் தவறு இருக்காது, அதை வைத்திருப்பவரின் பொறுமை கழன்றுபோகும்.

ஆறாவது தடுப்பு மிகச் சாதாரணமானது, ஆனால் காயின் தனியே சாவதற்கு எதிராக நம்பத்தகுந்தது இது ஒன்றுதான்: ஒரு காயினுக்கு உச்ச வரம்பு. அந்தக் காயின் ஒரே இரவில் பூஜ்ஜியமானால் எவ்வளவு தாங்குவேன் என்று கேட்டு, அதையே வரம்பாக வைக்க வேண்டும். பத்து சதவீதம் என்றால், மூன்று காயினுக்கும் பத்துப் பத்து, மீதி எழுபது பிட்காயினில். 2022 மே மாதத்தில் இந்த அமைப்பின் நஷ்டம்: லூனாவுக்கு 10, ஈதருக்கு 3, பிஎன்பிக்கு 1.5, பிட்காயினுக்கு 11. மொத்தம் 26 சதவீதம் அளவு. ஏறும் மாதங்களில் இதன் லாபம் சப்பென்றுதான் இருக்கும்.

எங்கள் கணிப்பில் இந்த முறையை நடத்துவதென்றால் ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்தே இருக்க வேண்டும். மற்ற நான்கும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முறை நிற்கும்.

வெளியே நிற்கும் பணம் எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். 2022 ஏப்ரலில் வடிகட்டி சொன்னபடி எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சும்மா கிடக்கிறதே என்று யுஎஸ்டியாக்கி 19.5 சதவீத வட்டிக்கு ஆங்கரில் போட்டவருக்கு விதி எதையும் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. கையிருப்பு ஒரே ஸ்டேபிள்காயினில், அதுவும் வழக்கத்துக்கு மீறிய வட்டி தரும் இடத்தில் இருக்கக் கூடாது. வரிசைப் பட்டியலில் உள்ள காயினோடு பிணைந்த ஸ்டேபிள்காயினில் இருக்கவே கூடாது.

எதிர்ப்பக்கத்துச் சரிவு

பங்குச் சந்தையில் வேக முறையின் சரிவு என்று சொல்லப்படுவது வேறு உருவம். அங்கே பின்தங்கியவற்றைக் கையில் இல்லாமலே கடன் வாங்கி விற்று முன்னணியில் உள்ளவற்றை வாங்குவார்கள், சந்தை அடிமட்டத்திலிருந்து திரும்பும்போது பின்தங்கியவை பல மடங்கு எகிறி, விற்றவரை நசுக்கும். அமெரிக்கப் பங்குகளில் 2009 மார்ச் முதல் மே வரை நடந்தது அதுதான். கிரிப்டோவில் இதன் தெளிவான எடுத்துக்காட்டு சொலானா. எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தபின், 2022 டிசம்பர் 31 பட்டியலில் அது கடைசி வரிசையில், பத்து டாலர் பக்கம். 2023 ஜனவரி முடிவில் 24 டாலர். ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல். சொலானாவை ஃப்யூச்சர்ஸில் விற்று, முன்னணிக் காயின்களை வாங்கியவருக்கு அந்த மாதம் கணக்கே காலியாகியிருக்கலாம்.

வாங்க மட்டும் செய்பவருக்கு இது நஷ்டமாக வராது, தவறிய ரயிலாக வரும். டிசம்பர் 31 அன்று பிட்காயினும் சராசரிக்குக் கீழே இருந்ததால், வடிகட்டி வைத்தவர் ஜனவரியில் பிட்காயினின் சுமார் 40 சதவீத ஏற்றத்தையும் விட்டிருப்பார். ஆல்ட்காயின்களில் விற்கும் பக்கத்தைச் சேர்க்கவே வேண்டாம் என்பது இதனால்தான். வாங்கும் பக்கத்தில் ஒரு காயினால் போகக்கூடியது அதில் போட்ட பணம் மட்டும். விற்கும் பக்கத்தில் அதற்கு எல்லை இல்லை.

பழைய தரவில் லூனா இருக்கிறதா

இந்த முறையைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பவர்கள் அடிக்கடி அழகான வரைபடத்தோடு வருவார்கள். முதலில் கேட்க வேண்டியது, அதில் 2022 மே மாதம் என்ன நஷ்டம் காட்டுகிறது என்பது. மே கடைசியில் டெர்ரா புதிய சங்கிலியைத் தொடங்கியபோது `LUNA` என்ற பெயர் புதிய காயினுக்குப் போனது, பழையது `LUNC` ஆனது. எக்ஸ்சேஞ்சிலிருந்து `LUNAUSDT` என்று விலை இறக்கினால் பல இடங்களில் 2022 மே 31-க்குப் பின்னுள்ள புதிய காயின்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய தேதிகளில் வெறும் காலியிடம். நிரல் காலியிடத்தைத் தாண்டிப்போய், அந்த மாதம் லூனாவே இல்லாத பட்டியலிலிருந்து மூன்றை எடுக்கும். மிகப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

இன்றைய முன்னணிக் காயின்களை எடுத்துக்கொண்டு பின்னோக்கி ஓட்டினாலும் இதே கதைதான். செத்தவை இன்றைய பட்டியலில் இருக்காது. காயின்மார்க்கெட்கேப் தளத்தில் பழைய தேதிகளின் சந்தை மதிப்புப் பட்டியல் கிடைக்கிறது. ஒவ்வொரு மாதக் கடைசிக்கும் அன்றைய பட்டியலை எடுத்துத்தான் காயின்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் சரியா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: 2022 ஏப்ரல் 30-க்கு அது லூனாவைக் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் மற்ற மாதங்களின் லாபத்தையும் நம்ப வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவருக்கு

இந்த முறையை இந்தியாவில் நடத்துபவருக்குச் சந்தைக்கு வெளியே இன்னொரு அடி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ரூபாய்க்கு மாற்றாமல் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான்.

மாதாந்திர மாற்று முறைக்கு இது நேராக விழும் அடி, ஏனென்றால் அதன் லாபமே சில பெரிய ஏற்றங்களும் பல சின்ன நஷ்டங்களும் சேர்ந்தது. ஓர் ஆண்டில் இரண்டு காயினில் 40,000 ரூபாய் லாபம், லூனா போன்ற ஒன்றில் 33,000 நஷ்டம் என்று வைப்போம். கையில் நிகர லாபம் 7,000. வரி 40,000-க்கு, அதாவது 12,480. கணக்கை மூடும்போது 5,480 ரூபாய் நஷ்டம்.

2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. அது வரிக் கணக்கில் சரிசெய்யப்படும் தொகைதான், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். மாதம் பாதிப் போர்ட்ஃபோலியோ மாறுகிறது என்றால் ஆண்டில் மூலதனத்தில் ஆறு சதவீதம் இப்படி முடங்கும். இதைக் குறைக்க ஒரு வழி, முதல் மூன்றிலிருந்து நழுவியவுடன் விற்காமல், ஐந்தாம் இடத்துக்குக் கீழே போனால் மட்டும் விற்பது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே மாதாமாதம் ஊசலாடும் காயின்களால் வரும் வீண் விற்பனை இதில் நின்றுவிடும். ஒரு மாதக் கணக்கின்படி முன்பே லூனாவை வாங்கியிருந்தவர், ஏப்ரல் கடைசியில் அது நான்காம் இடத்தில் இருந்தபோது இந்தத் தளர்வால் அதை விற்காமல் வைத்திருப்பார் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும்.